கருத்தும் பாத்திரமும்: ஓர் அறிவியற் புதினத்தை எடைபோடும் முறை

புதினத் திறனாய்வு என்றவுடன் கதைக்கோப்பு, பாத்திரப் படைப்பு, பின்னணி, நடை என்று வரிசையாக எழுதிச் செல்வது மாணவர் வழக்கம். ஆர்தர் சி. கிளார்க் 1973-இல் வெளியிட்ட ‘ரெண்டெவூ வித் ராமா’ என்னும் ஆங்கிலப் புதினத்தை இம்முறையில் அளந்தால், பாத்திரப் படைப்பு என்னும் தலைப்பின்கீழ் அது தோற்றுவிடும். ஹியூகோ, நெபுலா ஆகிய இரு பரிசுகளையும் பெற்ற நூல் அது. அளவுகோல் பொருந்தவில்லையா, நூல்தான் குறையுடையதா என்று பார்க்க வேண்டும்.

கதை 2131-இல் நிகழ்கிறது. விண்கல் என்று முதலில் கருதப்பட்ட ஒன்று, 50 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் விட்டமும் கொண்ட, உள்ளே குடைவான உருளை என்று தெரியவருகிறது. கிரேக்க, உரோமப் புராணப் பெயர்கள் தீர்ந்துபோனதால் வானியலார் அதற்கு இராமா என்று பெயரிட்டிருக்கின்றனர். அதைப் படமெடுக்கச் செல்லும் ஆளில்லாக் கலத்தின் பெயர் சீதா! தளபதி நார்ட்டனும் அவன் குழுவினரும் உள்ளே இறங்குகின்றனர். யார் கட்டியது, எதற்காக என்பதை இறுதிவரை எவரும் அறிவதில்லை. கதிரவனிடம் ஆற்றல் பெற்றுக்கொண்டு, மனிதரைப் பொருட்படுத்தாமலே இராமா போய்விடுகிறது. நம்மைக் கருதாத பேரறிவு ஒன்று உண்டு என்பதே நூலின் ஒற்றைக் கருத்து.

இக்கருத்து எவ்வாறு வாசகனை ஆட்கொள்கிறது என்பதற்கு ஒரு கரையைப் பார்த்தால் போதும். உருளையின் நடுவே வளையமாக ஒரு கடல். அதன் வடகரை 50 மீட்டர் உயரம். தென்கரையோ 500 மீட்டர். ஏன் இந்த வேறுபாடு? இராமா வடக்கு நோக்கி விரைவு கூட்டினால் நீர் தெற்கே ஏறும். அதைத் தடுக்கவே அந்தச் சுவர். ஆகவே இராமாவுக்குள் உந்துபொறி உண்டு, அது ஒரு திசையில்தான் உந்தும் என்று ஆய்வோர் முடிவு கட்டுகின்றனர். எந்திரத்தை ஒருவரும் காணவில்லை. ஒரு சுவரின் உயரமே அதைச் சொல்லிவிடுகிறது.

பின்னர் ஜிம்மி பாக் என்னும் இளைஞன், மிதித்துப் பறக்கும் சிறு ஊர்தி உடைந்து, அதே தென்கரையின்மேல் தனியே நிற்கிறான். இறங்க வழியில்லை. ஈர்ப்பு பூமியைவிடக் குறைவாதலால் குதித்தாலும் உயிர் பிழைக்கலாம் என்று கணக்குக் காட்டுகிறது. சட்டையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு குதிக்கிறான். புதிராக வந்த கரையே இப்போது அச்சமாகிறது. ஆனால் ஜிம்மியின் இடத்தில் வேறொரு துணிச்சற்காரனை வைத்தாலும் காட்சி மாறாது. அங்கே தேவைப்படுவது விழக்கூடிய ஓர் உடல். தனி மனம் அன்று. வியப்பே பொருளாக உள்ள பகுதிகளில் இதைக் குறையென்று சொல்லுதல் நேர்மையன்று. அளவறிய நிற்கும் கோல் பேச வேண்டியதில்லை.

ஆயின், கருத்து பெரியது என்று சொல்லி ஆசிரியரை முற்றிலும் விட்டுவிடவும் கூடாது. நார்ட்டனுக்குப் பூமியில் ஒரு குடும்பம், செவ்வாயில் ஒரு குடும்பம். இரண்டுக்கும் அவன் செய்தி அனுப்புகிறான். இச்செய்தியை நீக்கிவிட்டால் கதையில் எதுவும் குறைவதில்லை; அவன் எடுக்கும் எந்த முடிவையும் அது தொடவில்லை. பாத்திரத்துக்கு உயிரூட்ட ஒட்டவைத்த ஒட்டு அது.

உண்மையான சோதனை வெடிகுண்டுப் பகுதியில் வருகிறது. இராமாவினால் தங்களுக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சிய புதன்கோள் குடியேறிகள் அதை அழிக்க அணுகுண்டு ஏந்திய ஏவுகணையை அனுப்புகின்றனர். குழுவில் உள்ள ரோட்ரிகோ, இயேசு விண்ணிலிருந்து வந்தவர் என்று நம்பும் சமயத்தைச் சார்ந்தவன். அவனே சென்று கம்பிகளை வெட்டிக் குண்டைச் செயலிழக்கச் செய்ய முன்வருகிறான். இங்கே ஆளை மாற்றினால் கதையே மாறும். அச்சம், நம்பிக்கை, கடமை மூன்றும் மோத, நம்மைக் கருதாத ஒன்றுக்காக மனிதன் உயிரைப் பணயம் வைப்பது ஏன் என்ற வினா எழுகிறது. கிளார்க் அதைச் சில குறுகிய அத்தியாயங்களில் முடித்துவிடுகிறார். ரோட்ரிகோவின் மனப்போராட்டத்துக்கு முன்னரே சிறிது இடம் தந்திருந்தால், கரையைப் போலவே இதுவும் இருமுறை பயன் தந்திருக்கும். நூலின் உண்மையான குறை இதுவே. மற்றவை பொதுக் குறைகூறல்கள்.

பாத்திரங்களை மிகுதியாக்கினால் சரியாகிவிடுமா? 1989-இல் ஜென்ட்ரி லீயுடன் இணைந்து வெளியிட்ட ‘ராமா 2’-இல் குழுவினரின் காதலும் பகையும் சூழ்ச்சியும் நிறைந்துள்ளன. இராமாவோ அவற்றின் பின்னணித் திரையாகச் சுருங்கிவிட்டது. அங்கே எந்தச் சுவரும் எதையும் சொல்லுவதில்லை.