மெரூன் லெஹங்கா பச்சையாகும்போது: கிம்ப் 3.0-இன் நிறமாற்றக் கருவி

டெல்லி சாந்தினி சௌக்கின் துணிக்கடைகள் ஒரே லெஹங்காவை நான்கைந்து நிறங்களில் விற்பதால், ஒன்றை மட்டும் படமெடுத்து மற்றவற்றைக் கணினியில் உருவாக்கிப் பட்டியலில் சேர்க்கும் வழக்கம் இயல்பாகவே எழுகிறது. இந்த வேலைக்கு, 2025 மார்ச்சில் வெளியான இலவச மென்பொருளான கிம்ப் 3.0 எந்த அளவுக்குப் போதுமானது என்பதை, ஜரிகை வேலைப்பாடுள்ள மெரூன் சாட்டின் லெஹங்கா ஒன்றைக் கரும்பச்சையாக்கிப் பார்த்தால் தெளிவாக அறியலாம்.

பலரும் முதலில் நாடும் `HSL Color` முறை இங்கே ஏமாற்றிவிடுகிறது. மெரூனும் (`#800000`) பச்சையும் (`#008000`) அம்முறையின் கணக்கில் ஒரே வெளிச்சம் உடையவை. ஆனால் மனிதக் கண் உணரும் ஒளிர்வை 0 முதல் 100 வரை அளந்தால் முன்னது சுமார் 26, பின்னது சுமார் 46. ஆகவே மடிப்புகளின் நிழல்கள் வெளிறி, துணி உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றும். கண்ணின் உணர்வையே அடிப்படையாகக் கொண்டு ஒளிர்வு, செறிவு, சாயல் என நிறத்தை மூன்றாகப் பிரிப்பது LCh முறை. `Colors > Hue-Chroma` வடிகட்டி அதன்படி இயங்குவதால், ஒளிர்வைத் தொடாமல் சாயலை மட்டும் திருப்ப முடிகிறது.

சாட்டினின் மினுமினுப்பு இழையின் மேற்பரப்பிலிருந்தே தெறிக்கும் ஒளியாதலால், அது சாயத்தின் நிறத்தை அல்ல, விளக்கின் நிறத்தையே ஏற்கிறது. வெள்ளையில் செறிவு பூஜ்யம் என்பதால், சாயலைத் திருப்பும்போது அந்த மினுமினுப்பு வெள்ளையாகவே நிற்கிறது. உலோகமான ஜரிகையோ தன் பொன்னிறத்தோடு மின்னுவது. நகலெடுத்த லேயரில் மாஸ்க் இட்டு அதை விலக்காவிட்டால் அதுவும் நிறம் மாறிப்போகும்.

சாயலை ஏறக்குறைய 120 பாகை திருப்பியதும் பச்சை வந்துவிடும். ஆனால் நெசவு மறைந்து, துணி பெயின்ட் பூசியதுபோல் தட்டையாகத் தெரியும். மெரூனின் செறிவு சுமார் 60. அவ்வளவு இருண்ட பச்சையில் திரையால் அதில் பாதியைத்தான் காட்ட முடியும் என்பதால், எஞ்சியது வெட்டுண்டு, சிவப்புச் சேனல் பூஜ்யத்தில் முட்டி நிற்கிறது. ஹிஸ்டோகிராமில் அந்தச் சேனல் இடது ஓரத்தில் சுவர்போல் எழுவதே இதற்கு அடையாளம். செறிவை 30 அளவுக்குக் குறைத்ததும் இழைகள் மீண்டும் தெரிகின்றன. வடிகட்டி லேயரோடு தனியாக ஒட்டி நிற்பதால், துணித்துண்டை அருகில் வைத்து ஒப்பிட்டு எண்களைப் பின்னரும் திருத்தலாம். பழைய பதிப்புகளில் இல்லாத இந்த வசதியே 3.0-இன் மிகப் பெரிய பலம்.

அணிந்திருப்பவரின் தாடையடியிலும் முன்கையிலும் படிந்த சிவப்புப் பிரதிபலிப்பை இக்கருவி தானாக நீக்காது. அவ்விடங்களில் செறிவைக் கையால் தணிக்க வேண்டும். மெரூனைக் கடுகு மஞ்சளாக்குவதோ வீண் முயற்சி: ஒளிர்வு 26-இலிருந்து 73-க்கு ஏற வேண்டியிருப்பதால், நிழல்களில் ஒளிந்திருந்த புள்ளியிரைச்சலும் ஜேபெக் கட்டங்களும் வெளிப்பட்டுவிடுகின்றன. மஞ்சளும் பட்டியலில் இடம்பெற வேண்டுமானால் வெளிர்நிற லெஹங்காவைப் படமெடுத்து, அதிலிருந்து இருண்ட நிறங்களுக்குச் செல்வதே ஏற்ற வழி.