கேள்வி இல்லாமல் வரும் ஸ்கேன் படம்

வருசநாட்டு மலையடிவாரத்திலிருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினால் அன்றைய கூலி போச்சு. அதனால் ஸ்கேன் தாளைப் போனில் படமெடுத்து, நர்ஸ் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். கூட ஒரு வரி இருக்காது. தாள் தொலைந்தாலும் படம் இருக்கும், அடுத்த ஸ்கேனோடு ஒப்பிடலாம். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதை உறவில் கேட்கலாம். இவை உண்மையான நன்மைகள். ஆனால் கேள்வியே இல்லாத படத்துக்கு, பார்ப்பவர் தனக்குத் தோன்றியதைப் பதிலாகச் சொல்லிவிடுகிறார். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். கடைசி மாதவிலக்குக் கணக்கில் 32 வாரம் 3 நாள். பி.பி.டி., அதாவது தலையின் குறுக்களவு, 32 வாரத்துக்குரியது. எஃப்.எல்., தொடை எலும்பு, 59 மில்லிமீட்டர். அதற்கு நேரே 30 வாரம் 6 நாள் என்றிருக்கிறது. "புள்ளைக்குக் கால் வளரலையா?" என்று வீடே கலங்கும். அந்த வாரக் கணக்கு, பல குழந்தைகளின் சராசரியோடு இயந்திரம் ஒப்பிட்டுச் சொல்வது. கடைசி மூன்று மாதத்தில் அது இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகலாம். குட்டையான பெற்றோரின் பிள்ளைக்குத் தொடை எலும்பும் குட்டையாக இருக்கலாம். எடை 1800 கிராம் என்பதும் தராசில் நிறுத்ததல்ல. தலை, வயிறு, தொடை அளவுகளிலிருந்து போட்ட கணக்கு. 15 சதவீதம் கூடலாம், குறையலாம்.

இ.டி.டி. என்ற பிரசவத் தேதி இரண்டு அச்சாகியிருந்தால் புதியதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. முதல் மூன்று மாத ஸ்கேனை வைத்து முடிவான தேதியே கடைசிவரை நிற்கும். தேதியை இப்போது தள்ளிப்போட்டால், உண்மையிலேயே வளர்ச்சி குன்றிய பிள்ளையும் வயது குறைந்த பிள்ளையாகத் தெரிந்து, கவனிக்காமல் விடப்படும்.

ஆகவே விளக்குபவர் மூன்றே காரியம் செய்தால் போதும்: எழுத்துகள் எதன் அளவு என்று சொல்வது, பழைய ஸ்கேனைக் கேட்பது, டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதிக் கொடுப்பது. வயிற்றுச் சுற்றளவு முன்னதைவிடப் பின்தங்கினாலோ, பனிக்குட நீர் குறைவு என்று எழுதியிருந்தாலோ, அதற்குக் காரணம் சொல்லாமல் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். நஞ்சு முன்பக்கமா பின்பக்கமா, இதயத் துடிப்பு எத்தனை என்பதை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிப்பது பொய்க் கணக்கு. ஸ்கேன் மூலம் பாலினம் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது.

பெரிய ஆபத்து, "எல்லாம் நார்மல்" என்ற பதில்தான். தாள் அன்றைய நிலவரம் மட்டுமே. இரத்த அழுத்தம் அதில் இருக்காது, நேற்றிலிருந்து பிள்ளை அசைவு குறைந்ததும் தெரியாது. அசைவு குறைந்தாலோ, உதிரம் பட்டாலோ, நீர் உடைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.