விடைத்தாளில் 168, மாணவியின் திரையில் 171

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பெண் ஒருத்தி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, தன் அசைன்மென்ட்டை எனக்கு அனுப்பியிருந்தாள். கேள்வி இரண்டு பகுதி. முதலில் 1000 வரை உள்ள பகா எண்களைச் சுந்தரம் சல்லடையால் எடுக்கணும். பிறகு அதே எண்களை pow(2, n-1, n) == 1 என்ற சோதனையால் எடுக்கணும். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக வரணும் என்கிறது விடைத்தாள். இவளுக்குச் சல்லடையில் 168, சோதனையில் 171. மதிப்பெண் போய்விட்டது. ஆனால் தப்பு அவளிடம் இல்லை, கேள்வியில்தான் இருக்கிறது.

முதல் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1934-இல் சுந்தரம் என்ற இந்திய மாணவர் கண்ட சல்லடை இது. வி. ராமசுவாமி ஐயர் அதைப் பற்றி அப்போதே 'தி மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடண்ட்' இதழில் எழுதினார். i + j + 2ij என்ற வடிவில் வரும் எண்களை எல்லாம் அடித்துவிட வேண்டும். அடிபடாத ஒவ்வொரு n-க்கும் 2n+1 பகா எண். காரணம் எளிது: n = i + j + 2ij என்றால் 2n+1 = (2i+1)(2j+1), அதாவது இரண்டு ஒற்றை எண்களின் பெருக்கல். i = 5, j = 15 என்று வையுங்கள். 5 + 15 + 150 = 170 அடிபடும், அதோடு 341-உம் போய்விடும். ஏனென்றால் 341 = 11 × 31. இந்த 341-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பகுதியில்தான் சறுக்கல். பெர்மா சொன்னது: n ஒற்றைப் பகா எண்ணாக இருந்தால், 2-ஐ n-1 அடுக்குக்கு உயர்த்தி n-ஆல் வகுக்க மீதி 1. மீதி 1 என்றால் n பகா எண் என்று அவர் சொல்லவில்லை. கேள்வி அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. கேள்வியில் கொடுத்த மாதிரி 100 வரைதான். அங்கே இரண்டு பக்கமும் 25 வரும் (2-ஐத் தனியாகச் சேர்த்துக்கொள்ளணும்). 340 வரைக்கும்கூடப் பொருந்தும். 341-இல் உடையும், அப்புறம் 561, 645. அந்த மூன்றுதான் 168-ஐ 171 ஆக்கியது.

அவள் எழுதிய அடுக்குக் கணக்கைப் பார்க்கலாம்:

```python
def powmod(a, e, n):
    r = 1
    for b in bin(e)[2:]:
        r = r * r % n
        if b == '1':
            r = r * a % n
    return r
```

அடுக்கு 340-ஐ இரும எண்ணில் எழுதினால் 101010100. ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு வர்க்கம், இலக்கம் 1 என்றால் கூடவே ஒரு 2. இதனால் 340 தடவை பெருக்க வேண்டியதில்லை, ஒன்பது சுற்றில் முடிந்துவிடும். n = 341-க்கு r வரிசையாக இப்படிப் போகும்: 2, 4, 32, 1, 2, 4, 32, 1, 1. நாலாவது சுற்றில் 2^10 = 1024 = 3 × 341 + 1, அதனால் மீதி 1. 340 பத்தின் மடங்கு, எனவே கடைசியிலும் 1 வந்துதான் ஆகணும்.

இப்போது கடைசி மூன்றைப் பாருங்கள்: 32, 1, 1. முதலாவது 2^85-இன் மீதி, அடுத்தது 2^170-இன் மீதி. 32-ஐ வர்க்கம் செய்தால் மீதி 1. பகா எண்ணின் மீதிக் கணக்கில் வர்க்கம் 1 ஆகும் எண்கள் இரண்டே இரண்டு: 1, n-1. 32 இரண்டும் இல்லை. அப்போ 341 பகு எண் என்பது அங்கேயே வெளிச்சம். 32 - 1 = 31 என்று காரணியையே கையில் கொடுத்துவிடுகிறது! மில்லர்–ராபின் சோதனை செய்வது இதைத்தான்: கடைசி மீதியோடு நிற்காமல், அதற்கு முந்தைய வர்க்கங்களையும் பார்க்கிறது.

"2-க்குப் பதில் வேறு எண் போட்டால் சரியாகிவிடுமே" என்று கேட்கலாம். 341-க்கு ஆகும்: 3-ஐப் போட்டால் மீதி 56. ஆனால் 561 அப்படி மசியாது. அதனோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணைப் போட்டாலும் மீதி 1 தான். கார்மைக்கேல் எண் என்பது அதுதான்.

ஆகவே கேள்வியை இப்படி மாற்றலாம்: இரண்டு பட்டியலும் எங்கே வேறுபடுகின்றன, ஏன்? சல்லடை இங்கே உண்மையைச் சொல்லும் சாட்சி, அடுக்குக் கணக்கு சோதிக்கப்படும் ஆள். அதன்பின் வர்க்கங்களையும் பார்க்கச் சொன்னால், 1000 வரைக்கும் 168 கச்சிதமாக வரும். 2-ஐ வைத்துச் செய்யும் அந்தச் சோதனையும் முதன்முதலில் ஏமாறுவது 2047-இல், அதாவது 23 × 89-இல். எல்லையை 3000 ஆக வைத்தால் மாணவர்கள் அதையும் தாங்களே பிடித்துவிடுவார்கள்.