மயில்கழுத்துப் பட்டும் சாஃப்ட் ப்ரூஃபும்

ரீடச் முடிந்த படத்தை லேபுக்கு அனுப்பும் முன் ஒருமுறை சாஃப்ட் ப்ரூஃப் பார்த்துவிடுவது ஸ்டுடியோக்காரர்கள் பலருக்கு இப்போது சடங்கு போல ஆகிவிட்டது. லேப் தரும் தாள் ப்ரொஃபைலை ஃபோட்டோஷாப்பில் ஏற்றி, அந்தத் தாளில் படம் எப்படி விழும் என்று திரையிலேயே முன்கூட்டிப் பார்க்கும் முறை அது. முறையில் குறையில்லை. ஆனால் முகம் எப்படி வரும் என்று தெரிந்துகொள்ளத்தான் பெரும்பாலோர் அதைத் திறக்கிறார்கள். அதுவோ முகத்தைவிடப் புடவையைப் பற்றித்தான் நம்பும்படி பேசுகிறது.

மயில்கழுத்துப் பட்டு உடுத்திய மணப்பெண்ணின் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரிண்ட் 12×18 அங்குலம். ரீடச் வேலை Adobe RGB வண்ணவெளியில் நடந்திருக்கிறது. லேபோ sRGB கேட்கிறது. இரண்டுக்கும் சிவப்பிலும் நீலத்திலும் எல்லை ஒன்றே. பச்சை, பச்சைநீலப் பக்கம்தான் Adobe RGB அகன்று போகிறது. மயில்கழுத்து நிறம் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். Convert to Profile கொடுத்ததும் மடிப்புக்கு மடிப்பு மாறிய நிறங்கள் எல்லையில் முட்டி ஒன்றாகிவிடும். பட்டு, பெயிண்ட் பூசிய தகரம் போலத் தெரியும். Perceptual தேர்ந்தெடுத்தால் தப்பிக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். வழக்கமான sRGB ப்ரொஃபைலில் அதற்கான அட்டவணையே கிடையாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் விளைவு ஒன்றுதான்.

இங்கே சாஃப்ட் ப்ரூஃப் தன் கூலிக்கு உழைக்கிறது. Proof Setup-இல் sRGB வைத்து Gamut Warning போட்டால் புடவையின் ஒளிபட்ட மடிப்புகள் சாம்பல் பூத்துவிடும். புடவைக்கு மட்டும் மாஸ்க் போட்டு, மடிப்பு திரும்பத் தெரியும் வரை நிறச்செறிவைக் கொஞ்சம் இறக்கி, அதன்பிறகு மாற்றினால் போதும். தோலில் சாம்பல் அநேகமாக விழாது. மாநிறமோ கறுப்போ, தோலின் நிறங்கள் எல்லைக்குள் அடங்கியவை. Convert செய்ய வேண்டிய இடத்தில் Assign கொடுத்தால் மட்டும் முகம் சோகை பிடித்தாற்போல வெளிறும், ஏனென்றால் எண்கள் அப்படியே இருக்க, அவற்றின் பொருள் மாறிவிடுகிறது.

முகத்துக்கு வந்தால் கதை வேறு. தோலில் இம்மி மாறினாலும் கண் கண்டுபிடித்துவிடும். அந்த இம்மியைக் காட்டும் அளவுக்குத் திரை அளவீடு செய்யப்பட்டிருக்க வேண்டும். பிரிண்ட் இருட்டாக வந்தது என்ற புகாரில் பெரும்பகுதி, திரையை அதிக வெளிச்சத்தில் வைத்து ரீடச் செய்ததால் வருவது. பிரிண்ட் வேலைக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை போதும். Simulate Paper Color போட்டதும் படம் செத்துப்போனது போலத் தெரிவதைக் கண்டு பலர் அதை உடனே அணைத்துவிடுகிறார்கள். அதைப் போடும்போது வேறு பக்கம் பார்த்துவிட்டு, திரையிலுள்ள வெள்ளை மெனுக்களை மறைத்து, கண் பழகியபின் பார்த்தால்தான் அது சொல்வது விளங்கும். மேட் தாளில் பின்னலின் கறுப்பு ஒரே திட்டாகப் போவது அப்போதுதான் தெரியவரும்.

கூர்மையைப் பற்றி சாஃப்ட் ப்ரூஃப் வாயே திறக்காது. தெளிவுத்திறன் எளிய கணக்கு: 4000×6000 பிக்சல் படத்துக்கு 12×18-இல் அங்குலத்துக்கு 333 வருகிறது, தாராளம். மார்பளவுக்கு வெட்டி 2400×3600 ஆக்கினால் 200. சுவரில் மாட்டுவதற்கு அதுவும் தாங்கும். Resample-ஐ அணைத்துவிட்டு 72-ஐ 300 என்று மாற்றி எழுதுவதால் ஒரு பிக்சல்கூட அதிகமாகாது. ஷார்ப்பனிங்தான் வம்பு. தாளில் படம் சற்று மழுங்கும் என்பதால் திரையில் 100 சதவீதத்தில் கொஞ்சம் மிகையாகத் தெரியும் அளவுக்குப் போட வேண்டியிருக்கிறது. ஆனால் ரீடச் செய்த கன்னத்தில் அதே அளவு விழுந்தால், பரு மறைத்த இடத்தின் ஓரமும் இழைமம் ஒட்டிய தையலும் மேலெழுந்துவிடும். ஆகவே அளவு மாற்றியபிறகு, தனி லேயரில், Luminosity-இல், கண்ணிமை, நகை, ஜரிகை ஆகியவற்றுக்கு மட்டும் போடுவதே சரி.

எவ்வளவு என்பதைத் தாள்தான் சொல்லும். 300-க்கு மாற்றி முடித்த கோப்பிலிருந்து ஒரு கண், கன்னம், புடவைக்கரை மூன்றும் வருமாறு 1200×1800 பிக்சல் துண்டை வெட்டி 4×6 பிரிண்ட் போட்டால், பெரிய பிரிண்டின் அசல் கூர்மையே கையில் கிடைக்கும். செலவும் சொற்பம். ஒரு நிபந்தனை உண்டு: லேபில் கரெக்ஷன் வேண்டாம் என்று சொல்லி வைக்க வேண்டும். தானியங்கித் திருத்தம் ஓடினால் அந்தத் துண்டில் உள்ளதைப் பார்த்து அது ஒருவிதமாகத் திருத்தும், பின்னணியோடு வரும் முழுப்படத்தை வேறுவிதமாகத் திருத்தும். அப்படித் திருத்தும் லேப் தரும் ப்ரொஃபைலை வைத்து எவ்வளவு கவனமாக ப்ரூஃப் பார்த்தாலும், அங்கே நடக்காத ஒரு பிரிண்டைத்தான் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.