அரிசிச் சொம்பும் தண்ணீர்க் கும்பமும்

வரலட்சுமி நோன்புக் கலசம் சாய்வது பெரும்பாலும் முன்பக்கமாகத்தான். முகம், நெற்றிச்சுட்டி, சங்கிலி, கொசுவம் என்று எல்லாக் கனமும் முன்னால் ஏறிவிடும். பின்னால் இழுத்துப் பிடிக்க ஒன்றும் இருக்காது. யாழ்ப்பாணத்துக் கும்பத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே முகம் வைக்கும் வழக்கம் பரவலாக இருந்ததில்லை; மஞ்சள் பூசிப் பொட்டிட்ட முடித்தேங்காயே அம்மன்.

உள்ளே என்ன நிரப்புகிறோம் என்பதிலிருந்தே வித்தியாசம் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் சொம்புக்குள் பச்சரிசி. அதோடு கொஞ்சம் துவரம்பருப்பு, எலுமிச்சம்பழம், விரலி மஞ்சள், வெற்றிலை பாக்கு, காசு, காதோலை கருகமணி. தண்ணீர் வைக்கும் குடும்பங்களும் உண்டு. இலங்கையில் நிறைகுடம் வைக்கிற முறைதான்: தலைவாழையிலையில் நெல்லோ பச்சையரிசியோ பரப்பி, அதன் மேல் தண்ணீர் நிரம்பிய செம்பு, ஐந்து மாவிலை, தேங்காய்.

ஒரு லிட்டர் சொம்பில் அரிசி ஏறக்குறைய 800 கிராம் பிடிக்கும். தண்ணீர் ஒரு கிலோ. கனத்தில் தண்ணீருக்கே வெற்றி. ஆனால் தண்ணீர் அலம்பும். எதையும் பிடித்து நிறுத்தாது. அரிசியில் மாவிலைக் காம்பைச் செருகினால் நிற்கும், முகத்தின் பின்னால் உள்ள கம்பியைச் செருகினாலும் நிற்கும். முந்தின நாள் மாலையிலோ வெள்ளி காலையிலோ வாசற்பக்கம் வைத்து அம்மனை அழைத்து, கலசத்தைக் கையில் ஏந்தி மண்டபத்துக்குக் கொண்டுவரும் வீட்டுக்கு அரிசிதான் சரி. இலங்கையில் இந்த விரதம் வீட்டைவிடக் கோயிலிலேயே பெரிதாக நடக்கிறது. பெண்கள் கூடியிருந்து பூசை கண்டு, குருக்களிடம் நூல் கட்டிக்கொள்வார்கள். வைத்த கும்பத்தை அடிக்கடி நகர்த்த வேண்டியதில்லை. தண்ணீர் போதும், மாவிலையும் மாலைவரை வாடாது. கழுத்துக்கு இரண்டு விரற்கடை கீழேயே தண்ணீரை நிறுத்த வேண்டும். விளிம்புவரை ஊற்றினால் தேங்காயை வைத்ததும் வழிந்து கீழிருக்கும் அரிசி ஊறி, செம்பின் அடி ஒரு பக்கமாக இறங்கும்.

தேங்காயை மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். சொம்பின் வாய் மூன்று அங்குலம் என்றால் தேங்காயின் பருத்த இடம் நாலு அங்குலம் இருக்கட்டும். அப்போது அடிப்பகுதி உள்ளே இறங்கி உட்காரும். அதைவிடப் பெரிய காய் விளிம்பில் தொட்டும் தொடாமலும் ஆடும். சிறியது உள்ளே அமிழ்ந்து, முகம் கட்ட இடமிருக்காது. மஞ்சளைக் குழைத்துப் பூசி நன்றாகக் காயவிட வேண்டும், ஈரத்தோடு வைத்தால் வழுக்கும். மாவிலை தளிராக இருந்தால் மதியத்துக்குள் துவண்டுவிடும், முற்றினால் வளைக்கும்போது முறியும். கரும்பச்சையாக, மடக்கினால் மடங்குகிற இலையாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். கிளை நுனியிலிருந்து கொத்தாகவே ஒடித்தால் இலைகள் தாமாகவே சுற்றி விரியும்.

துணி விஷயத்தில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஆசை அதிகம். கடையில் தைத்து விற்கும் குட்டிப் பட்டுப்பாவாடை நாடாவோடு வருகிறது. சொம்பின் கழுத்தில் கட்டினால் வேலை முடிந்தது. அம்மனுக்கு முழுப் புடவையே கட்டுவேன் என்கிறவர்கள்தான் திண்டாடுகிறார்கள். ஐந்தரை மீட்டர் பட்டைச் சின்னச் சொம்பு தாங்காது. அகலமான பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து, அதன் மேல் சொம்பை வைத்து, இரண்டையும் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். புடவையை அகலவாட்டில் இரண்டாக மடித்து நாலு விரல் கொசுவம் எடுத்தால் சரிகைக்கரை கீழே விசிறிபோல் விரியும்.

இதிலும் பித்தளை வழவழப்பு என்பதால் துணி சரியும். இங்கேதான் கோயில் கும்பத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குருக்கள் கும்பம் முழுதும் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நூல் சுற்றி, அதன் மேல்தான் பட்டுச் சாத்துவார். நூலின் காரணம் சாத்திரத்தில் வேறாக இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டங்கள் துணியை நழுவாமல் பிடிக்கின்றன. இரு நாட்டுக் கோயில்களிலும் உள்ள இந்த வேலையை நம் வீடுகளில் பலர் விட்டுவிட்டார்கள். நூல் சுற்றிய சொம்புக்குள் அரிசி, மேலே புடவை என்று இரண்டையும் சேர்த்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

மீதிப் பாதி முகம். தேங்காய்க் குடுமியிலும் சொம்பின் கழுத்திலுமாக இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். ஒரே இடத்தில் கட்டினால் குனிந்துகொள்ளும். கை வைக்க ஆசைப்பட்டால் சொம்பின் பின்னால் ஒரு மரக்குச்சியைக் குறுக்கே கட்டலாம். கனமான காசுமாலையைக் கழுத்தில் தொங்கவிடாமல் பின்னால் ஒரு பலகையை நிறுத்தி அதில் மாட்டி, முன்னால் தெரியும்படி இழுத்துவிட்டால் பார்க்க நிறைவாகவும் இருக்கும், பாரமும் ஏறாது. இப்போது இலங்கையிலும் சிலர் முகம் வைக்கிறார்கள். தண்ணீர்க் கும்பத்தில் கம்பி நிற்காது என்பதால், அவர்கள் முகத்தைத் தேங்காயோடு சேர்த்தே கட்டிவிட வேண்டும்.

நகை போடுவதற்கு முன்னால் மணையை லேசாக ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். தேங்காய் ஆடினால் பூவும் நகையும் ஏற்றாமல், அதை எடுத்து மறுபடி உட்கார வையுங்கள்.