மூலம் எது, மொழிபெயர்ப்பு எது?

"உங்கள் கடிதத் தலைப்பிலேயே தமிழ் இரண்டாவதாகத்தானே நிற்கிறது" என்றார், சென்னையில் அரசுப் பணி பார்த்து ஓய்வுபெற்ற நண்பர். அவர் பார்த்தது கொழும்பு அமைச்சொன்றின் கடிதம். 'எனது இல., உமது இல., திகதி' என்பவை அதில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற வரிசையில் இருக்கும். யாழ்ப்பாணத்து மாகாணத் திணைக்களத்தின் சுற்றுநிருபத்தை அதை வைத்து அளக்கக் கூடாது.

1988இன் 16ஆவது திருத்தத்துக்குப் பின், எங்கள் அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரை ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. மாகாண சபையும் உள்ளூராட்சி மன்றமும் தம் சுற்றுநிருபங்களையும் படிவங்களையும் அந்தந்தப் பகுதியின் நிருவாக மொழியில், ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட வேண்டும். வடக்கு கிழக்கின் நிருவாக மொழி தமிழ். ஆகவே தமிழே மூலம், ஆங்கிலம் அதன் மொழிபெயர்ப்பு.

தமிழ்நாட்டிலும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழே ஆட்சிமொழி. நண்பர் காட்டிய சுற்றறிக்கையில் 'பொருள்', 'பார்வை' என்று மேலேயே பிரித்திருந்த ஒழுங்கு அழகுதான். ஆனால் சட்டத்தின் கீழ் பிறக்கும் ஆணைக்கும் விதிக்கும் இந்திய அரசியலமைப்பின் 348(3) குறுக்கே வருகிறது. ஆளுநரின் அதிகாரத்தில் அரசிதழில் வரும் ஆங்கில மொழிபெயர்ப்பே அங்கு அதிகாரபூர்வ ஆங்கில உரை. உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் இயங்குவதால் வழக்கில் முதலில் புரட்டப்படுவதும் அதுதான். வெறும் நிருவாகச் சுற்றறிக்கையை இந்தப் பிரிவு தொடாது.

ஒரு சுற்றுநிருபத்தின் 4ஆம் பந்தி தமிழில் 'மார்ச் 31இற்கு முன்' என்றும், ஆங்கிலத்தில் '31இலோ அதற்கு முன்போ' என்றும் இருக்கிறது என வைத்துக்கொள்வோம். 31ஆம் திகதி விண்ணப்பம் கொடுத்தவர் தமிழ்ப்படி பிந்திவிட்டார், ஆங்கிலப்படி பிந்தவில்லை. எங்கள் பக்கத்தில் கேள்வி தமிழ் வாசகத்திலிருந்தே தொடங்கும். பிழை தமிழில்தான் என்றால் தமிழைத் திருத்தி, அதே இலக்கத்தைக் குறிப்பிட்டு இன்னொரு சுற்றுநிருபம் விட வேண்டும். ஆங்கிலத்தைக் காட்டித் தமிழை மாற்றி வாசிக்க முடியாது.

இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க உதவுவது பக்க அமைப்பு. இரு மொழிகளையும் பக்கத்துக்குப் பக்கம் நிரலாகப் போட்டால், தமிழ் நீண்டு பந்திகள் விலகி, தமிழின் 4ஆவது ஆங்கிலத்தின் 5ஆவதுக்கு நேராக நிற்கும். முதலில் தமிழ் முழுவதும், பின்னால் ஆங்கிலம், இரண்டிலும் ஒரே பந்தி எண், ஒரே இலக்கம், ஒரே திகதி என்பதே சரி. அப்போது எண்ணுக்கு எண் ஒப்பிட்டு, திகதியையும் 'வேண்டும்', 'லாம்' என்ற முடிவுகளையும் சரிபார்க்கலாம்.

பாராளுமன்றச் சட்டங்களின் கடைசிப் பிரிவு, முரண் வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று வழக்கமாகச் சொல்வது எங்களுக்கு வலிதான். அதனால்தான் மாகாணத்தில் கிடைத்த உரிமையை விடக் கூடாது. சுற்றுநிருபம் எழுதும் உத்தியோகத்தர்களே, ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழாக்காதீர்கள். தமிழில் எழுதி, 'முரண் இருப்பின் தமிழ் உரையே மேலோங்கும்' என்று கடைசிப் பந்தியில் சேருங்கள்.