முந்திப் படிக்கும் பிள்ளைக்கு எந்த வகுப்பு?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள ப்ரோவர்ட் கவுண்டி, அந்நாட்டின் மிகப் பெரிய பள்ளி மாவட்டங்களுள் ஒன்று. அங்கே 2005 வரை ஒரு பிள்ளை மீத்திறன் மாணவர் என்று அறியப்பட வேண்டுமானால், முதலில் ஆசிரியரோ பெற்றோரோ அதன் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை வைப்பார். 130 எடுத்தால் மீத்திறன் திட்டத்தில் இடம் உண்டு. ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளுக்கும் 116 போதும். மாவட்ட உளவியலாளருக்காகக் காத்திருக்க விரும்பாத வசதியான பெற்றோர், தனியார் உளவியலாளரிடம் பணம் கட்டிச் சோதித்துக்கொண்டார்கள்.

ஏழைகளுக்கு வரம்பையே தாழ்த்தியிருந்தும் பலன் கிட்டவில்லை. மாணவரில் பாதிக்கு மேல் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகள். மூன்றாம் வகுப்பில் மீத்திறன் பட்டியலில் அவர்கள் பங்கு 28 சதவீதம்தான். 2005இல் மாவட்டம் ஒரே ஒரு மாற்றம் செய்தது. இரண்டாம் வகுப்பில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும், சொற்களே இல்லாத, வடிவங்களை வைத்து யோசிக்கும் ஒரு குறுஞ்சோதனையை வைத்தது. அதில் தேறியவர்களை நுண்ணறிவுச் சோதனைக்கு அனுப்பியது. மதிப்பெண் வரம்புகள் மாறவில்லை. ஆனால் ஹிஸ்பானியப் பிள்ளைகளுள் மீத்திறன் பட்டியலில் சேர்ந்தவர்கள் 2 சதவீதத்திலிருந்து 6 ஆனார்கள். கறுப்பினப் பிள்ளைகளுள் 1லிருந்து 3 ஆனார்கள். வெள்ளையருள் 6லிருந்து 8க்கு உயர்ந்தார்கள். டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற இரு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். 2010இல் நிதி நெருக்கடியால் அந்தப் பொதுச் சோதனை நின்றது. பழைய இடைவெளி திரும்பி வந்தது.

ஆக, அந்தப் பிள்ளைகள் முன்பும் அதே வகுப்பறைகளில்தான் இருந்தார்கள்; அவர்கள் பெயரைச் சொல்லத்தான் ஆளில்லை. ஆசிரியரின் கண்ணில் படுவது பெரும்பாலும் அழகான கையெழுத்தும், கேட்டவுடன் தூக்கிய கையும், வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்த சொல்வளமும். ஆசிரியர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. நாற்பது பேரை மேய்க்கும் எவருக்கும் இதுதான் நேரும்.

சோதனை மட்டும் தவறாததா? 1921இல் கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் மேதைப் பிள்ளைகளைத் தேடித் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் ஆகிய இரு சிறுவர்களும் சோதிக்கப்பட்டார்கள். வரம்பை எட்டாததால் விடப்பட்டார்கள். பின்னாளில் இருவரும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். எல்லாரையும் சோதிப்பது நல்ல வலைதான். ஆனால் ஒருநாள் சோதனையின் எண்ணைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டி வைப்பது வேறு காரியம்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? இதற்கும் ப்ரோவர்டிலேயே பதில் கிடைக்கிறது, மேலும் சங்கடமான பதில். ஒரு பள்ளியின் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு மீத்திறன் மாணவர் இருந்தாலும் தனிப்பிரிவு அமைக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. மிச்ச இருக்கைகளை, முந்தைய ஆண்டுத் தேர்வில் நன்றாகச் செய்த சாதாரணப் பிள்ளைகளைக் கொண்டு நிரப்பினார்கள். கார்டும் ஜூலியானோவும் இரு கூட்டத்தையும் தனித்தனியே பார்த்தார்கள். நுண்ணறிவு எண்ணால் உள்ளே வந்தவர்களின் கணித, வாசிப்பு மதிப்பெண்களில் சொல்லும்படியான உயர்வு இல்லை. பாடத்தில் காட்டிய தேர்ச்சியால் உள்ளே வந்த கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளோ பெரிய முன்னேற்றம் கண்டார்கள். அது ஆறாம் வகுப்புவரை நிலைத்தது. வெளியே இருந்த மற்றப் பிள்ளைகளுக்கு நட்டம் எதுவும் தெரியவில்லை.

இங்கே அவசரப்படக் கூடாது. அந்த ஆய்வுமுறை வரம்புக்கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் இருந்தவர்களை ஒப்பிடுவது. 129க்கும் 131க்கும் இடையே நடப்பதைச் சொல்லும். 150 எடுத்த பிள்ளையைப் பற்றி மௌனம். வகுப்புக்குரிய தேர்வில் ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டவர் மேலும் உயர்வதை அந்தத் தேர்வு காட்டாது என்பதும் நியாயமான ஐயம். இவ்வளவு கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்பதற்கு, பொதுவான அறிவுக்கூர்மை எண்ணைவிட அந்தப் பாடத்தில் அது எங்கே நிற்கிறது என்பதே நல்ல வழிகாட்டி.

இதை மனத்தில் வைத்து வளப்படுத்தல், விரைவுபடுத்தல் என்ற இரண்டையும் எடைபோடலாம். ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதமே அவளுக்கு ஐந்தாம் வகுப்பின் முழு ஆண்டுக் கணக்குத் தாளைக் கொடுக்கிறோம், 50க்கு 46. ஆறாம் வகுப்புத் தாளில் 36. ஏழாம் வகுப்புத் தாளில் 13. ஆறாம் வகுப்புத் தாளில் போன 14 மதிப்பெண்ணைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பகுதி குறை எண்கள் வரும் 'முழுக்கள்' பாடத்தில் போயிருக்கிறது. அவளுக்கு அது புரியாமல் போகவில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. தமிழ் வாசிப்பில் அவள் தன் வகுப்பின் அளவிலேயே இருக்கிறாள்.

வழக்கமான வளப்படுத்தல் இவளுக்கு என்ன தரும்? கணக்குகளை முதலில் முடித்துவிடுவாள். ஒரு புதிர்ப் புத்தகம் கிடைக்கும், கண்காட்சிக்கு ஒரு மாதிரி செய்யச் சொல்வார்கள், சமயத்தில் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தரவும் சொல்வார்கள். எல்லாம் நல்லவைதான். ஆனால் அடுத்த ஜூனில், தனக்குத் தெரிந்த ஆறாம் வகுப்புக் கணக்கை அவள் மறுபடி ஓராண்டு கேட்க வேண்டும். எனவே வளப்படுத்தலிடம் கேட்க வேண்டிய கேள்வி, இதனால் எந்தப் பாடத்தை அவள் திரும்பக் கேட்க வேண்டியதில்லை என்பதுதான். வளப்படுத்தல் அறிஞர் ஜோசப் ரென்சுல்லியின் மரபில் வந்த சாலி ரீஸ் குழு 1993இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மையான பதில் தந்தது. முன்தேர்வு வைத்து, தெரிந்த பகுதிகளை நீக்கினார்கள். தேர்ந்த மாணவர்களுக்குப் பாடத்தில் 40 முதல் 50 சதவீதம்வரை வெட்டியும் மதிப்பெண் குறையவில்லை. இப்படி இடம் ஒழித்துத் தரும் வளப்படுத்தலை நான் ஏற்கிறேன். மேலே அடுக்குவது வெறும் கூடுதல் வேலை.

விரைவுபடுத்தலுக்குச் சான்று வலுவானது, ஆனால் அதன் ஆதரவாளர்கள் அதைக் கொஞ்சம் ஊதிக் காட்டுவதுண்டு. மேல்வகுப்புக்குப் போனவர், போகாத சமவயதினரைவிட மிக முன்னே நிற்கிறார் என்பார்கள். ஓராண்டுப் பாடம் கூடுதலாகக் கேட்டவர் முன்னே நிற்காமல் என்ன செய்வார்? தன்னைவிட மூத்த புது வகுப்புத் தோழர்களோடு ஒப்பிட்டால் அவர் ஏறத்தாழ அவர்களுக்குச் சமம். எனக்கு இந்தச் சமமே போதும். ஓராண்டைத் தாண்டியும் பிள்ளை பின்தங்கவில்லை என்றால், அந்த ஓராண்டு தேவையற்றதாக இருந்தது என்றுதான் பொருள். தாண்ட வைக்கப்பட்டவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்டவர்கள் என்ற குறை எல்லா ஆய்வுகளிலும் ஓரளவு உண்டு. ஒத்த திறனுடையோரைச் சோடி சேர்த்துப் பார்த்தாலும் முழுதாக நீங்காது.

நம் சிறுமிக்கு என் தீர்ப்பு: கணக்கு மட்டும் ஆறாம் வகுப்பில், அதற்கு முன் மூன்று வாரம் முழுக்கள், மற்றதெல்லாம் தன் தோழிகளோடு. முழு வகுப்பையே தாண்டும் பழைய 'டபுள் புரமோஷன்' எல்லாப் பாடத்திலும் முந்தியிருக்கும் சிலருக்கே பொருந்தும். அதற்காக அயோவாவில் உருவான அளவுகோலில் இரண்டு தடைகள் எனக்குப் பிடித்தவை: அண்ணனோ அக்காவோ அந்த மேல்வகுப்பில் இருந்தால் கூடாது, பிள்ளைக்கே விருப்பம் இல்லையென்றால் கூடாது.

தமிழ்நாட்டில் இதற்குத் தடை மனத்தில் இருப்பதைவிடக் கட்டடத்தில் அதிகம். எட்டாம் வகுப்புவரை உள்ள நடுநிலைப் பள்ளியில், ஐந்துக்கும் ஆறுக்கும் கணக்குப் பாடவேளையை ஒரே நேரத்தில் வைத்தால் சிறுமி அறை மாறினால் போதும். ஐந்தோடு முடியும் தொடக்கப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வேறொரு வளாகத்தில் இருக்கிறது. அங்கே புத்தகத்தைத்தான் அவளிடம் கொண்டுவர வேண்டும். செயல்வழிக் கற்றலில், அட்டைகளும் ஏணிப்படியுமாய் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறலாம் என்ற ஏற்பாடு நம்மிடம் இருந்தது. அந்த ஏணி நான்காம் வகுப்போடு நின்றது. இப்போது எட்டாம் வகுப்பில் நடக்கும் என்.எம்.எம்.எஸ். தேர்வு, வென்றவருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது. ஏழை வீட்டில் அது படிப்பு நிற்காமல் காக்கும் பணம். ஆனால் வென்ற பிள்ளை மறுநாள் காலை உட்காரும் கணக்கு வகுப்பில் எதுவும் மாறுவதில்லை.